மதிப்பெண் போடாமல் மதிப்பிடுவது எப்படி? ஒன்று, இரண்டாம் வகுப்பு ஆசிரியராகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

இரண்டாம் வகுப்பில் கழித்தல் நடக்கிறது. கரும்பலகையில் 52 − 27 என்று எழுதியிருக்கிறது. பாத்திமா 35 என்று விடை எழுதியிருக்கிறாள். முகிலனின் நோட்டிலும் 35தான். சரியான விடை 25. (இந்தக் கட்டுரையில் வரும் பிள்ளைகளின் பெயர்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை.) இரண்டு பேருக்கும் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டு, பத்துக்கு ஆறு என்று எழுதிவிட்டு அடுத்த நோட்டை எடுக்கலாம். பல காலம் அப்படித்தான் செய்துவந்தோம்.

அதற்குப் பதிலாக, "எப்படிச் செய்தாய், சொல்லு பார்க்கலாம்" என்று இரண்டு பேரையும் தனித்தனியே கேளுங்கள். பாத்திமா சொல்வாள்: "ஏழிலே இரண்டு போனால் ஐந்து. ஐந்திலே இரண்டு போனால் மூன்று." ஒன்றாம் இடத்தில் பெரிய எண் எதுவோ அதிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துவிட்டாள். மேலே இருப்பது எது, கீழே இருப்பது எது என்பது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. முகிலன் வேறு மாதிரி சொல்வான்: "இரண்டிலே ஏழு போகாது. பக்கத்தில் கடன் வாங்கினால் பன்னிரண்டு. பன்னிரண்டிலே ஏழு போனால் ஐந்து. ஐந்திலே இரண்டு போனால் மூன்று." கடன் வாங்கியது சரி, கொடுத்த இடத்தில் ஐந்து நான்காகக் குறைந்ததை மறந்துவிட்டான்.

ஒரே விடைக்குப் பின்னால் இரண்டு வேறு காரணங்கள் இருக்கின்றன. பாத்திமாவுக்கு இனமாற்றம் என்பதே இன்னும் புரியவில்லை. அவளுக்குக் குச்சிக் கட்டு வேண்டும். முகிலனுக்கு அது புரிந்திருக்கிறது. ஐந்தை அடித்து மேலே நான்கு என்று எழுதும் பழக்கம் மட்டும் வர வேண்டும். பத்துக்கு ஆறு என்ற எண்ணில் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. கீழ் வகுப்புகளில் மதிப்பெண்ணை எடுத்துவிட்டு முன்னேற்றத்தைச் சொற்களில் பதிவு செய்யுங்கள் என்று சொல்வதன் உண்மையான பொருள் இங்கேதான் இருக்கிறது. அதை வகுப்பில் எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

கொள்கை சொல்வது என்ன

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 29ஆம் பிரிவில், பிள்ளையின் புரிதலையும் அதைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. ஆனால் அதற்குள்ளும் மதிப்பெண் இருந்தது: வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60, பிறகு அதைக் குறியீடாக மாற்றுவது. 2022-23இல் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகள் வந்தன. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை விட, எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துக் கற்பிக்க அது வழி செய்தது.

தேசிய அளவில் 2022 அக்டோபரில் வெளியான அடிப்படை நிலைக்கான கலைத்திட்ட வடிவமைப்பு இன்னும் ஒரு படி போகிறது. மூன்று முதல் எட்டு வயது வரை, அதாவது இரண்டாம் வகுப்பு வரை, தேர்வு என்பதே பொருத்தமற்ற கருவி என்று அது சொல்கிறது. கவனிப்பதும், பிள்ளையின் வேலைகளைச் சேர்த்து வைத்துப் பார்ப்பதும்தான் அதன் வழி.

உங்கள் பள்ளியில் இவற்றில் எந்தப் படிவம் நடைமுறையில் இருக்கிறது என்று தலைமை ஆசிரியரிடம் முதல் வாரத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். படிவத்தில் எண்ணோ குறியீடோ கேட்டால் அதை நிரப்பித்தான் ஆக வேண்டும். கீழே சொல்லப்போவது எந்தப் படிவத்துக்கும் அடியில் இருக்க வேண்டிய பதிவு. அது இருந்தால் எந்தப் படிவத்தையும் நேர்மையாக நிரப்பலாம். அது இல்லாவிட்டால் எந்தப் படிவமும் கற்பனைதான்.

முதல் படி: எதைக் கவனிக்கப் போகிறீர்கள்

கற்றல் விளைவுகளின் பட்டியல் நீளமானது. முழுவதையும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் குறிக்க முயன்றால் இரண்டாம் வாரத்திலேயே கை ஓய்ந்துவிடும். ஒரு பருவத்துக்குத் தமிழில் மூன்று, கணக்கில் மூன்று போதும். அவற்றைக் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக மாற்றி எழுதுங்கள்.

'கழித்தலைப் புரிந்துகொள்கிறான்' என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. 'ஈரிலக்க எண்களை இனமாற்றம் செய்து கழிக்கிறான். எப்படிச் செய்தான் என்று சொல்கிறான்' என்பதைப் பார்க்கலாம், கேட்கலாம். 'வாசிப்பில் ஆர்வம் உண்டு' என்பதை விட, 'முன்பு பார்க்காத, நான்கைந்து சொற்கள் கொண்ட வாக்கியத்தைத் துணையின்றிப் படிக்கிறாள்' என்பது பயன்படும். நிபுண் பாரத் திட்டம் ஒன்றாம் வகுப்பு முடிவுக்கு வைத்திருக்கும் வாசிப்பு இலக்கும் இந்த அளவுதான். இரண்டாம் வகுப்பு முடிவுக்கு அது நிமிடத்துக்கு 45 முதல் 60 சொற்கள் என்கிறது. தமிழில் இந்த வேகக் கணக்கை நான் எச்சரிக்கையோடுதான் கையாள்வேன். 'கூரைக்குள்ளிருந்து' என்பது நமக்கு ஒரே சொல். பிற மொழிகளில் அது இரண்டு மூன்று சொற்களாகப் பிரிந்துவிடும். கடிகாரத்தைப் பார்க்கலாம், தவறில்லை. பிள்ளை எங்கே நின்றது என்பதைக் குறிக்காமல் வேகத்தை மட்டும் எழுதினால் அது இன்னொரு மதிப்பெண் ஆகிவிடும்.

இரண்டாம் படி: குறிப்பேடும் சுற்றும்

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளைக்கு எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு: இடப் பக்கம் தமிழ், வலப் பக்கம் கணக்கு. ஒவ்வொரு பதிவிலும் நான்கு செய்திகள் இருந்தால் போதும்: தேதி, என்ன வேலை கொடுத்தீர்கள், பிள்ளை என்ன செய்தது அல்லது சொன்னது, உதவி கொடுத்தீர்களா. இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

முப்பது பேர் உள்ள வகுப்பில் தினமும் ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டால் ஆறு வேலை நாட்களில் ஒரு சுற்று முடியும். இன்று யார் யார் என்பதைக் காலையிலேயே வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி முடிவு செய்துவிடுங்கள். மற்றவர்கள் பயிற்சிநூலில் வேலை செய்யும்போது, ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். விடுமுறை, விழா, பயிற்சிக் கூட்டம் எல்லாம் கழிந்தாலும் ஒரு பருவத்தில் பிள்ளைக்கு ஏழெட்டுப் பதிவு சேரும். அறிக்கை எழுத அது தாராளம்.

வரிசையை விடாமல் கடைப்பிடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கண்ணில் பட்டதை எழுதுவோம் என்று விட்டால், கை தூக்கும் பிள்ளையும் சண்டை போடும் பிள்ளையும் பக்கம் பக்கமாக நிறைவார்கள். ஓரமாக உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வரும் பிள்ளையின் பக்கம் வெள்ளையாகவே கிடக்கும். அந்தப் பிள்ளைக்குத்தான் இந்தப் பதிவு அதிகம் தேவை.

எழுதும்போது பார்த்ததை எழுதுங்கள், தீர்ப்பை எழுதாதீர்கள். 'கவனமில்லை', 'மந்தம்', 'சுட்டி' ஆகிய சொற்கள் குறிப்பேட்டில் நுழையவே கூடாது. 'கவனமில்லை' என்று எழுதினால் நாளைக்கு நீங்கள் செய்யக்கூடியது எதுவும் அதில் இல்லை. '71 − 35க்கு 46. ஏழை அடித்து ஆறாக மாற்றவில்லை' என்று எழுதினால் நாளைய பாடம் அதிலேயே இருக்கிறது.

இன்னொன்றும் முக்கியம். 'இன்னும் வரவில்லை' என்பதையும் 'இன்னும் பார்க்கவில்லை' என்பதையும் பிரித்து எழுதுங்கள். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ பெற்றோருடன் போய்விட்டு மூன்று வாரம் கழித்து வரும் பிள்ளை கழித்தலில் தடுமாறினால், அது கற்றும் வராதது ஆகாது, கற்பிக்கும்போது இல்லாததுதான். இரண்டுக்கும் தீர்வு வேறு.

மூன்றாம் படி: காரணத்தைப் பிரித்தறியும் கேள்வி

பாத்திமாவிடமும் முகிலனிடமும் திரும்பப் போவோம். எல்லாப் பிள்ளைகளையும் தினமும் "எப்படிச் செய்தாய்" என்று கேட்க நேரம் இருக்காது. ஆகவே கணக்கைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு நுட்பம் வேண்டும். 52 − 27 என்ற கணக்கு அந்த இரண்டு தவறுகளையும் பிரித்துக் காட்டாது. ஒன்றாம் இடத்தில் உள்ள இரண்டுக்கும் ஏழுக்கும் வேறுபாடு ஐந்து. ஏழிலிருந்து இரண்டு போனாலும் ஐந்து, பன்னிரண்டிலிருந்து ஏழு போனாலும் ஐந்து. ஒன்றாம் இடத்து இலக்கங்களின் வேறுபாடு ஐந்தாக இருக்கும்போதெல்லாம் இப்படித்தான் இரண்டு தவறும் ஒரே விடையில் வந்து நிற்கும். 63 − 48 கொடுத்துப் பாருங்கள். இரண்டு பேரும் 25 என்பார்கள்.

அதனால் 71 − 35 கொடுங்கள். பாத்திமாவின் வழியில் விடை 44 வரும். முகிலனின் வழியில் 46 வரும். சரியான விடை 36. இப்போது நோட்டைப் பார்த்தாலே யாருக்கு என்ன சிக்கல் என்று தெரிந்துவிடும். மதிப்பீட்டுக்கென்று கணக்கு எழுதும்போது, முதலில் அந்த இடத்தில் பிள்ளைகள் செய்யக்கூடிய தவறுகளை நீங்களே செய்து பாருங்கள். ஒவ்வொரு தவறும் ஒவ்வொரு விடையைத் தந்தால் அது நல்ல கணக்கு.

குறிப்பேட்டில் இப்படி வரும்:

பாத்திமா, 6.2: 71 − 35 = 44. ஒன்றாம் இடத்தில் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறாள். ஏழு கட்டும் ஒரு குச்சியும் கொடுத்து ஐந்து குச்சி எடுக்கச் சொன்னதும் "இல்லையே டீச்சர்" என்றாள். கட்டைப் பிரிக்கலாமா என்று அவளே கேட்டாள்.

முகிலன், 6.2: 71 − 35 = 46. கடன் வாங்குகிறான், கொடுத்த இடத்தைக் குறைக்கவில்லை. 46 + 35 கூட்டிப் பார்க்கச் சொன்னேன். 81 வந்தது, தவறு என்று அவனே சொன்னான், இடம் தெரியவில்லை.

அடுத்த சுற்றில் என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் தனியாக யோசிக்க வேண்டியதில்லை. பாத்திமாவுக்கு இன்னும் சில நாள் குச்சிக் கட்டு. பிறகு அதையே படமாக வரைதல். அதன் பின்னரே எண்களில். முகிலனுக்குக் கட்டு வேண்டாம், அவனை அங்கே உட்கார வைத்தால் சலித்துப்போவான். அடித்து எழுதுவதும், விடையைக் கூட்டிச் சரிபார்ப்பதும் அவன் வேலை.

தமிழ் வாசிப்பில் ஒரு பிள்ளை

வாசிப்பைக் கேட்பதற்குப் பாடப்புத்தகத்தை எடுக்காதீர்கள். பாடம் பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும். பக்கத்தைப் பார்க்காமலே படிப்பார்கள். பத்துப் பதினைந்து சொற்களில் நீங்களே ஒரு பத்தி எழுதிக்கொள்ளுங்கள். இதோ ஒன்று:

மழை பெய்தது. குளம் நிறைந்தது. தவளை கத்தியது. கோழி கூரைக்குள் ஓடியது. கொக்கு ஒரு மீனைக் கொத்தியது.

கயல்விழி படிக்கிறாள். உங்கள் கையில் அதே பத்தியின் இன்னொரு படி இருக்கட்டும். அவள் வேறு மாதிரி படித்த சொல்லுக்கு மேல் அவள் சொன்னதை அப்படியே எழுதுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். முதல் மூன்று வாக்கியம் தடையில்லை. 'கோழி' என்பதைக் 'கொழி' என்கிறாள். 'கூரைக்குள்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். 'கொக்கு', 'கொத்தியது' இரண்டும் சரி. படித்து முடித்ததும் "யார் ஓடியது?" என்று கேட்டால் சற்று யோசித்துக் "கோழி" என்று சரியாகச் சொல்கிறாள்.

பதின்மூன்று சொற்களில் ஒன்றுதான் பிழை. மதிப்பெண் என்றால் நல்ல மதிப்பெண். ஆனால் இந்த ஒரு பிழையைத் தொடர்ந்து போக வேண்டும். பேச்சில் 'கோழி' சரியாக வருகிறது, ஆகவே ஒலியில் குறை இல்லை. 'கொக்கு' சரி, ஆகவே எழுத்தும் தெரியும். சந்தேகம் இரட்டைக்கொம்பின் மேல் விழுகிறது. உடனே நான்கு சொல்லட்டைகளைக் காட்டுங்கள்: சேவல், பேருந்து, செடி, கொடி. 'செவல்', 'பெருந்து' என்று படித்து, 'செடி', 'கொடி' இரண்டையும் சரியாகப் படித்தால் சந்தேகம் உறுதி. இரட்டைக்கொம்பை அவள் ஒற்றைக்கொம்பாகவே பார்க்கிறாள்.

அடுத்த சில நாட்களுக்கு அவளுக்கு வேண்டியது இணைச் சொற்கள்: பெட்டி – பேட்டி, கொடி – கோடி, தொடு – தோடு, மெல் – மேல். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, கொம்பின் மேல் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த சுற்றில் மீண்டும் ஒரு புதிய பத்தி. அப்போது குறிப்பேட்டில் இப்படி ஒரு பதிவு வரலாம்: 'அட்டையில் தோடு, மேல், கோடி சரி. பத்தியில் தேரைத் தெரை என்றாள். அடுத்த சொல்லுக்குப் போகும் முன் நின்று தானே திருத்தினாள்.' தானே திருத்திக்கொண்டது ஒரு பெரிய முன்னேற்றம். பிழை எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு அன்றும் ஒரு பிழை, இன்றும் ஒரு பிழை. நீங்கள் அதைப் பார்த்தீர்கள், தேதியோடு எழுதியும் வைத்திருக்கிறீர்கள்.

வாசிப்பைக் கேட்கும்போது புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் ஒரு இடம் உண்டு. பிள்ளை 'வாழை' என்பதை 'வாளை' என்று படித்தால் உடனே எழுத்து தெரியவில்லை என்று குறித்துவிடாதீர்கள். தென் மாவட்டங்களில் பல வீடுகளில் பேச்சே அப்படித்தான். அந்தப் பிள்ளை எழுத்தைச் சரியாகப் பார்த்துத் தன் வீட்டு ஒலியில் சொல்லியிருக்கலாம். 'வாழை' என்று எழுதச் சொல்லுங்கள், அல்லது ல, ள, ழ மூன்றையும் காட்டி எந்த எழுத்து என்று கேளுங்கள். சரியான எழுத்தைத் தொட்டால் அது உச்சரிப்பு. வாசிப்புப் பிழையின் கணக்கில் அதைச் சேர்க்கக் கூடாது. வீட்டில் தெலுங்கோ உருதுவோ சௌராஷ்டிரமோ பேசும் பிள்ளைகளுக்கும் இதே பொறுமை வேண்டும்.

பிள்ளையின் கோப்பு

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு அட்டைக் கோப்பு. மாதம் ஒரு எழுத்து வேலை, ஒரு கணக்கு வேலை, ஒரு படம். பின்பக்கத்தில் தேதி, உதவியோடு செய்ததா தனியாகச் செய்ததா என்ற ஒரு வரி. அழகானதை மட்டும் பொறுக்கி வைக்காதீர்கள்; ஜூன் மாதக் கோணல் எழுத்து இருந்தால்தான் நவம்பர் மாத எழுத்து என்ன என்று தெரியும்.

நான்காம் படி: பருவ அறிக்கை

பருவம் முடியும்போது குறிப்பேட்டின் அந்தப் பிள்ளைக்கான பக்கத்தை மேலிருந்து கீழ் வரை படியுங்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதினால் அறிக்கை ஆகிவிடும். இப்போது தனியாக என்ன செய்கிறது? பருவத் தொடக்கத்திலிருந்து என்ன மாறியது? அடுத்து என்ன?

பெரும்பாலான அட்டைகளில் இப்படித்தான் இருக்கும்: 'கயல்விழி நன்றாகப் படிக்கிறாள். இன்னும் முயற்சி தேவை. வாசிப்பில் கவனம் செலுத்தவும்.' இதைப் படித்து அவளுடைய அம்மாவுக்கு எதுவும் விளங்காது. அடுத்த ஆண்டு வரும் ஆசிரியருக்கும் விளங்காது. குறிப்பேட்டிலிருந்து எழுதினால் இப்படி வரும்:

'நான்கைந்து சொற்கள் உள்ள புதிய வாக்கியங்களைத் தனியாகப் படித்து, யார், எங்கே, என்ன என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்கிறாள். ஆகஸ்டில் இரட்டைக்கொம்பு வரும் சொற்களை ஒற்றைக்கொம்பாகப் படித்தாள் (கோழியைக் கொழி என்று). செப்டம்பரில் தனிச் சொற்களில் அந்தத் தடுமாற்றம் இல்லை. வாக்கியத்தில் சில சமயம் தவறினாலும் தானே திருத்திக்கொள்கிறாள். கூரைக்குள், பள்ளியிலிருந்து போன்ற நீண்ட சொற்களை இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அடுத்த பருவத்தில் இத்தகைய சொற்களைப் பிரித்துப் படிக்கப் பழக்குவோம்.'

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். பெயரைக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள். எந்தப் பிள்ளை என்று உங்களுக்கே தெரியாவிட்டால், அல்லது பக்கத்துப் பெயரைப் போட்டாலும் பொருந்தினால், அதை அடித்துவிட்டுக் குறிப்பேட்டைத் திறங்கள். 2012க்குப் பிறகு வந்த பதிவேடுகள் பல பள்ளிகளில் சோர்ந்துபோனதற்கு, என் பார்வையில், இதுவே முதல் காரணம். நிரப்ப வேண்டிய கட்டங்கள் அதிகம், பார்க்கக் கிடைத்த நேரம் குறைவு; ஒரே வாக்கியம் முப்பது அட்டையிலும் ஏறியது. பருவ இறுதியில் ஒரே உட்காரலில் நினைவிலிருந்து எழுதினால் உங்களுக்கும் அதுதான் நடக்கும்.

அரும்பு, மொட்டு, மலர் பற்றி ஒரு வார்த்தை. அவை பிள்ளைக்கு எந்தச் செயல்பாடு கொடுப்பது என்று முடிவு செய்யும் வசதிக்கானவை. ஓய்வறையில் "அவன் அரும்பு டீச்சர்" என்று பேச்சு வரும்போதும், பிள்ளைகள் ஒருவரையொருவர் அப்படிக் கூப்பிடும்போதும், நிலை பழைய ரேங்க்கின் வேலையைச் செய்யத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒரு பிள்ளை வாசிப்பில் அரும்பாகவும் கணக்கில் மலராகவும் இருக்கலாம். குறிப்பேடு சொல்வதைப் பார்த்து ஒவ்வொரு சுற்றிலும் குழுவை மாற்றுங்கள். ஒரு பருவம் முழுவதும் ஒருவரும் இடம் மாறவில்லை என்றால் நீங்கள் பதிவைப் பார்க்காமல் குழு பிரிக்கிறீர்கள்.

பெற்றோரிடம் பேசுவது

"மார்க் போடவில்லையா டீச்சர்? எத்தனையாவது ரேங்க் என்றாவது சொல்லுங்கள்." பெற்றோர் கூட்டத்தில் இது வராமல் இருக்காது. இதில் கோபப்படவோ கொள்கை விளக்கம் கொடுக்கவோ வேண்டியதில்லை. பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அவர் கேட்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரே வழி அது. கோப்பைத் திறந்து ஜூன் மாதத் தாளையும் செப்டம்பர் மாதத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முடிந்தால் பிள்ளையை அங்கேயே ஒரு பத்தி படிக்கச் சொல்லுங்கள்.

பிறகு வீட்டில் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். கயல்விழியின் அம்மாவிடம், "பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளைப் படிக்கச் சொல்லுங்கள் அம்மா. தேநீர், கோழிக்கடை, பேக்கரி, இப்படி. தவறாகப் படித்தால் உடனே சொல்லாமல், இன்னொரு முறை பார் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோராக இருந்தால், கணக்கில் கேளுங்கள்: கடைக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று பிள்ளையைச் சொல்லச் சொல்லலாம். மற்றப் பிள்ளையோடு ஒப்பிட்டு ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். "பக்கத்து வீட்டு முகிலன் எப்படி?" என்று கேட்டால், முகிலனைப் பற்றி அவனுடைய வீட்டாரிடம் மட்டும் பேசுவேன் என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

இந்த முறையின் எல்லைகள்

சொற்களில் எழுதிய பதிவைக் கூட்டி வகுத்து மாவட்டச் சராசரி எடுக்க முடியாது. அதற்கு மாதிரி எடுத்து நடத்தும் அடைவாய்வுகள் இருக்கின்றன. தேசிய அடைவாய்வு மூன்றாம் வகுப்பிலிருந்துதான் பார்க்கிறது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் குறிப்பேட்டிடம் அந்த வேலையைக் கேட்டால் அது மறுபடியும் எண்ணாகச் சுருங்கும்.

ஈராசிரியர் பள்ளியில் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளை வைத்துக்கொண்டு இருப்பவருக்குத் தினமும் ஐந்து பேர் முடியாது. மூன்று பேர் எடுத்துக்கொள்ளுங்கள், கவனிக்கும் திறன்களைத் தமிழில் ஒன்று, கணக்கில் ஒன்று என்று குறைத்துக்கொள்ளுங்கள். பதிவின் எண்ணிக்கை குறையலாம். பார்க்காததை எழுதும் நிலை மட்டும் வரக் கூடாது.

முதல் எண்ணம் கண்ணை மறைப்பது இன்னொரு சிக்கல். ஜூனில் தடுமாறிய பிள்ளை டிசம்பரிலும் தடுமாறுவதாகவே நமக்குத் தெரியும். இதற்கு எளிய தடுப்பு ஒன்று உண்டு: பிள்ளை படிப்பதைக் கேட்டு எழுதி முடிக்கும் வரை முந்தைய பதிவைப் பார்க்காதீர்கள். எழுதிய பிறகு ஒப்பிடுங்கள். நீங்களும் பக்கத்து வகுப்பு ஆசிரியரும் மாதம் ஒரு முறை ஒரே பிள்ளையின் வாசிப்பைச் சேர்ந்து கேட்டுத் தனித்தனியே குறித்து, பிறகு ஒத்துப்பார்த்தால் இன்னும் நல்லது. குறிப்புகள் வேறுபடும் இடத்தில்தான் இருவருக்கும் கற்க இருக்கும்.

ஏப்ரலில் குறிப்பேட்டை அலமாரியில் பூட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் கடைசிப் பதிவையும் 'அடுத்து என்ன' என்ற வரியையும் ஒரு தாளில் எடுத்தெழுதி, கோப்போடு சேர்த்து மூன்றாம் வகுப்பு ஆசிரியர் கையில் கொடுங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து, முதலில் யாரைக் கவனிக்க வேண்டும் என்று பெயர் சொல்லிப் பேசிவிடுங்கள். பாத்திமாவுக்கு ஜூன் முதல் வாரத்திலேயே குச்சிக் கட்டு கிடைக்க வேண்டும்.